காப்பிக் கொட்டை இருபதை வைத்துக்கொண்டு ஓர் அறிவிப்பை விளக்குவது எப்படி

கேள்வி: ஏற்காட்டு மலைமேல் எங்கள் ஊர் மகளிர் குழுவுக்குக் கணக்கு எழுதுகிறேன். குழுவில் ஓர் அக்கா காப்பியும் மிளகும் அரைத்துப் பொட்டலம் போட்டு விற்க நினைக்கிறார். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் முதல்முறையாக விண்ணப்பிக்கப் போகிறார். அறிவிப்பு தமிழில்தான் இருக்கிறது, ஆனால் படித்துச் சொல்லும் எனக்கே விளங்கவில்லை. அவருக்குப் புரியும்படி எப்படிச் சொல்வது?

பதில்: வாக்கியங்களை எளிமையாக்கும் வேலையில் முதலிலேயே இறங்கிவிடாதீர்கள். அதற்கு முன் அறிவிப்பின் வரிசையைக் கலைக்க வேண்டும். அந்த வரிசை அலுவலருக்காக அமைந்தது. நோக்கம், வரையறை, தகுதி, நிதியுதவி, நிபந்தனை என்று அது போகும். முதல்முறை விண்ணப்பிப்பவர் மனத்தில் கேள்விகள் வேறு வரிசையில் எழுகின்றன. நான் செய்ய நினைக்கும் தொழிலுக்கு இது உண்டா, எனக்கு உண்டா, என் கையிலிருந்து எவ்வளவு போட வேண்டும், அரசுப் பணம் எப்போது யாரிடம் வரும் என்பவையே அந்த நான்கு கேள்விகள். ஒரு கேள்விக்கு முழு விடை கிடைத்து, அதை அக்கா தம் வாயால் திருப்பிச் சொன்ன பிறகே அடுத்த கேள்விக்குப் போக வேண்டும். நான்கையும் ஒரே மாலையில் முடிக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நான் இதற்கு இரண்டு மாலைகள் எடுத்துக்கொள்வேன். இரண்டாம் மாலை முழுவதும் நான்காம் கேள்விக்கே போய்விடும்.

சேலம் பக்கத்தில் இத்தகைய விண்ணப்பங்களைப் பல ஆண்டுகளாகப் படித்தும் எழுதியும் கொடுத்து வருகிறவன் என்ற முறையில், அறிவிப்புகளில் காணப்படும் நடையிலேயே ஒரு பத்தியை எழுதி, அதை வைத்தே விளக்குகிறேன். இதில் வரும் விதிகள் 2022-இல் திருத்தப்பட்ட வழிகாட்டு நெறிமுறைகளில் உள்ளவை.

"இத்திட்டத்தின்கீழ், சிறப்புப் பிரிவினராகிய பயனாளிகள் திட்ட மதிப்பீட்டில் 5 சதவீதத்தைச் சொந்தப் பங்களிப்பாகச் செலுத்துதல் வேண்டும் என்பதுடன், ஊரகப் பகுதிகளில் அமைக்கப்படும் புதிய அலகுகளுக்கு 35 சதவீத விளிம்புத் தொகை மானியம், மூன்றாண்டு பூட்டுக் காலத்திற்கு உட்பட்டு, பின்-முனை மானியமாக வழங்கப்படும். தேயிலை, காப்பி, ரப்பர் முதலிய தோட்டப் பயிர்ச் சாகுபடியுடன் தொடர்புடைய தொழில்கள் எதிர்மறைப் பட்டியலில் அடங்கும்; இவற்றின்கீழ் மதிப்புக் கூட்டல் அனுமதிக்கப்படும்."

இதில் ஆங்கிலத்திலிருந்து வந்த சொல் என்று பார்த்தால் காப்பியும் ரப்பரும்தான். அவை இரண்டும் அக்காவுக்கு நன்றாகத் தெரியும். மற்றவையெல்லாம் தமிழில் வழங்கும் சொற்கள், ஆனாலும் அவற்றில்தான் அவர் தடுமாறுகிறார். ஆகவே அருஞ்சொற்பொருள் எழுதிக் கொடுப்பதால் மட்டும் பயனில்லை. 'பூட்டுக் காலம்' என்பதில் பூட்டும் தெரியும், காலமும் தெரியும். யார் எதைப் பூட்டுகிறார் என்பதுதான் தெரியவில்லை.

முதல் கேள்வியைக் கடைசி வாக்கியத்திலிருந்து தொடங்க வேண்டும். மலைமேல் இருந்து வருகிறவர்கள் இந்த வாக்கியத்தில் 'காப்பி' என்ற சொல்லைப் பார்த்து, அதற்குப் பின்னால் 'எதிர்மறைப் பட்டியல்' என்பதையும் பார்த்தால், தாளை மடித்து வைத்துவிடுகிறார்கள். அரைப்புள்ளிக்குப் பின்னால் வரும் நான்கு சொற்களை யாரும் பொருட்படுத்துவதில்லை. 'மதிப்புக் கூட்டல்' என்பதை ஏதோ மதிப்பெண் கூட்டுவது என்று எடுத்துக்கொண்ட ஒருவரையும் நான் பார்த்திருக்கிறேன். இந்த வாக்கியத்தை இரண்டாக வெட்டி இப்படி எழுதுங்கள்: "காப்பிச் செடி நடுவதற்கும் வளர்ப்பதற்கும் இந்தத் திட்டத்தில் கடன் கிடையாது. காப்பிக் கொட்டையை வறுத்து அரைத்துப் பொட்டலம் போட்டு விற்பதற்குக் கடன் கேட்கலாம்." இரண்டிலும் வினை இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். அறிவிப்பில் 'தொடர்புடைய தொழில்கள்' என்று பெயர்ச்சொல்லாக நின்றது, இங்கே நடுவது, வளர்ப்பது, வறுப்பது, அரைப்பது என்று அக்காவின் கைகள் செய்யும் வேலையாகிவிட்டது. கோடு எங்கே விழுகிறது என்பதை அவரே சொல்லிவிடுவார். மிளகுக்கும் இதே கோடுதான், கொடியில் இருக்கும்வரை அது சாகுபடி, பறித்துக் காயவைத்து அரைக்கும்போது தொழில்.

இதே இடத்தில் 'புதிய அலகு' என்பதையும் சொல்லிவிடுங்கள். அலகு என்றால் நம் ஊரில் பறவையின் மூக்கு. இங்கே அது தொழில் நடக்கும் சிறு கூடத்தையும் அதன் இயந்திரங்களையும் சேர்த்துக் குறிக்கிறது. ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் தொழிலைப் பெரிதாக்குவதற்கோ, வேறொரு அரசுத் திட்டத்தில் மானியம் பெற்ற தொழிலுக்கோ இந்த முதல் கடன் கிடைக்காது. ஆகையால் அக்கா இதற்குமுன் ஏதாவது மானியக் கடன் வாங்கியிருக்கிறாரா என்று நேராகக் கேட்டுவிடுவது நல்லது. குழுக் கணக்கு உங்களிடம் இருப்பதால் இது உங்களுக்கு எளிது.

இரண்டாம் கேள்வியில் சிக்கலை உண்டாக்குவது 'சிறப்புப் பிரிவினர்' என்ற தொடர். கேட்பவர் அதை மாற்றுத்திறனாளி என்றே எடுத்துக்கொள்வார், ஏனென்றால் நம் வழக்கில் அப்படித்தான் அச்சொல் பழகியிருக்கிறது. அறிவிப்பின் வேறொரு பக்கத்தில் விளக்கம் இருக்கும். பட்டியல் வகுப்பினர், பழங்குடியினர், இதர பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், மகளிர், முன்னாள் படைவீரர், மூன்றாம் பாலினத்தவர் மற்றும் மாற்றுத்திறனாளிகள் என்று அது நீளும். கடைசியில் நிற்கும் அந்த 'மற்றும்' பெரிய குழப்பத்தைச் செய்கிறது. ஆங்கிலப் பட்டியலின் இறுதியில் வந்த இணைப்புச் சொல்லை அப்படியே கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். படிப்பவருக்கோ இவையெல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது போலத் தோன்றுகிறது. "நான் பொம்பளைதான், ஆனா மாற்றுத்திறனாளி இல்லையேங்க" என்று ஒருவர் என்னிடம் வருந்திச் சொன்னதுண்டு. இந்தப் பட்டியலை அக்காவுக்கு முழுதாக வாசிக்கவே வேண்டாம். "நீங்கள் பெண் என்பதே போதும்" என்று ஒரே வரியாக எழுதுங்கள். அவர் மலையாளிப் பழங்குடியினராக இருந்தால் அந்தக் காரணமும் பொருந்தும், ஆனால் ஒன்று இருந்தாலே போதும் என்பதை அழுத்திச் சொல்லுங்கள். இரண்டு காரணம் இருப்பதால் மானியம் இரட்டிப்பாகாது என்பதையும் கூடவே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த வாரம் அந்தக் கேள்வி வரும்.

மற்ற தகுதிகள் எளியவை. வயது 18 நிறைந்திருக்க வேண்டும். உற்பத்தித் தொழிலில் திட்டச் செலவு 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போனால்தான் எட்டாம் வகுப்புத் தேர்ச்சி கேட்பார்கள், அக்காவின் திட்டம் அதற்கு உள்ளேதான் நிற்கும். வருமான உச்சவரம்பு இல்லை. ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான் கடன், குடும்பம் என்றால் இங்கே கணவனும் மனைவியும் மட்டுமே. அண்ணனோ கொழுந்தனோ முன்பு வாங்கியிருந்தால் அக்காவுக்குத் தடையில்லை. கணவர் வாங்கியிருந்தால் தடை உண்டு. 'ஊரகப் பகுதி' என்பது ஊராட்சி நிர்வாகத்தின்கீழ் வரும் இடங்களைக் குறிப்பதால், உங்கள் ஊர் அதற்குள் வருகிறது. அதற்கான சான்றை விண்ணப்பத்தோடு கேட்பார்கள்.

மூன்றாம் கேள்விக்கு வருவோம். 'சொந்தப் பங்களிப்பாகச் செலுத்துதல் வேண்டும்' என்ற தொடர் ஆபத்தானது. செலுத்துதல் என்றால் யாரிடமோ கட்டிவிட்டு ரசீது வாங்குவது என்றுதான் நம் மக்கள் அறிவார்கள். வீட்டு வரி செலுத்துகிறோம், கட்டணம் செலுத்துகிறோம். ஆகவே 5 சதவீதம் என்பது விண்ணப்பத்துக்கான கட்டணம் என்று நினைத்துவிடுகிறார்கள். இடைத்தரகர் நுழைவது இந்த ஓட்டை வழியாகத்தான். "5 சதவீதம் முன்பணம் கட்டினால் கடன் வாங்கித் தருகிறேன்" என்று அவர் சொல்லும்போது, அறிவிப்பிலும் அதே 5 சதவீதம் அச்சாகியிருப்பதால் நம்பிவிடுகிறார்கள். விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. 5 சதவீதம் என்பது அக்கா தம் தொழிலில் தாமே போடும் பணம், வங்கி கடனுக்கு ஒப்புதல் கொடுத்த பிறகு தொழிலின் கணக்கில் அவர் போட வேண்டியது. எனவே 'செலுத்த வேண்டும்' என்ற வினையை எடுத்துவிட்டு இப்படி எழுதுங்கள்: "வங்கி கடன் தருவதாகச் சொன்ன பிறகு, மொத்தச் செலவில் நூற்றுக்கு ஐந்து ரூபாயை உங்கள் பெயரில் உள்ள கணக்கில் நீங்கள் போட வேண்டும். அதற்கு முன் யாரிடமும் எந்தப் பணமும் தரக் கூடாது." இரண்டாவது வாக்கியம் அறிவிப்புப் பத்தியில் இல்லை. ஆனால் முதல் வாக்கியத்தைத் தவறாகப் புரிந்துகொள்வதால் வரும் இழப்பு தெரிந்தவர் அதைச் சேர்த்தே ஆக வேண்டும்.

இப்போது நான்காம் கேள்வி. இதில் நானே ஒருமுறை தவறு செய்தேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நெசவாளருக்காக இதே திட்டத்தின் அறிவிப்பைச் சுருக்கி ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். 'பின்-முனை மானியம்' என்பது விளங்காத சொல் என்று கருதி அதை நீக்கிவிட்டு, "அரசு மானியம் உங்களுக்குக் கிடைக்கும்" என்று எழுதினேன். வாக்கியம் மிக எளிமையாக இருந்தது, ஆனால் தவறாக இருந்தது. அவர் அந்தப் பணம் கைக்கு வந்துவிடும் என்று கணக்குப் போட்டு, கொட்டகைக்குக் கூரை போட வெளியில் வட்டிக்கு வாங்கிவிட்டார். பிறகு வங்கிக்குப் போய்ப் பாஸ்புத்தகத்தில் பதிவு போடச் சொல்லிப் பார்த்தால் மானியத் தொகை எங்கும் இல்லை. "சார், நீங்க எழுதிக் குடுத்த தாளைத்தான் காட்டினேன்" என்று அவர் என் முன்னால் வந்து நின்றபோது அந்தத் தாளை வாங்கிப் படித்தேன். தவறு வங்கியில் இல்லை, என் எளிய வாக்கியத்தில் இருந்தது. வாசகம் கடினமாக இருக்கிறது என்பதற்காக நிபந்தனையைக் கழற்றிவிட்டால் அது எளிமை ஆகாது என்பதை அவர் கட்டிய வட்டியில் கற்றேன்.

சரி, பின்-முனை மானியம் என்றால் என்ன? கடனின் முன்பக்கத்தில், அதாவது தொடங்கும்போது, மானியம் பயனாளியின் கைக்கு வராது, கடனின் பின்பக்கத்தில்தான் கழிக்கப்படும் என்பதே அதன் பொருள். அரசு அந்தத் தொகையை வங்கிக்கு அனுப்புகிறது. வங்கி அதை விண்ணப்பதாரர் பெயரில் மூன்று ஆண்டுக்கு ஒரு வைப்புத்தொகையாகப் போட்டுவைக்கிறது. அதை எடுக்க முடியாது, அதற்கு வட்டியும் வராது. ஆனால் அந்தத் தொகைக்குச் சமமான கடன் பகுதிக்கு வங்கியும் வட்டி போடாது. மூன்று ஆண்டு முடிந்து, தொழில் உண்மையில் நடக்கிறதா என்று நேரில் வந்து பார்த்த பிறகு, அந்த வைப்புத்தொகையைக் கடனில் கழித்துவிடுவார்கள். இதுதான் 'பூட்டுக் காலம்'. பூட்டுவது வங்கி, பூட்டப்படுவது மானியம், சாவி மூன்றாண்டுக்குப் பின் திரும்பும்.

'விளிம்புத் தொகை' என்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. வங்கித் தொழிலில் மார்ஜின் மணி என்று சொல்வதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததால் இது பிறந்தது. விளிம்புநிலை மக்கள் என்ற தொடர் பழகிப்போன பின், இது அவர்களுக்கு மட்டும் உரிய தொகை என்று படித்தவர்களே நினைக்கிறார்கள். மேசையில் இருக்கும் அலுவலரோ வங்கி மேலாளரோ இந்தத் தமிழ்ச் சொல்லை வாயால் சொல்லவே மாட்டார். "மார்ஜின் மணி" என்றும், பூட்டி வைத்த அந்த வைப்புத்தொகையை "டி.டி.ஆர்" என்றும்தான் பேசுவார்கள். ஆகவே அக்காவின் தாளில் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்: அறிவிப்பில் உள்ள சொல், கவுண்டரில் காதில் விழும் சொல், நீங்கள் சொல்லும் பொருள். அச்சடித்த சொல்லை விட்டுவிட்டு நம் எளிய சொல்லை மட்டும் கொடுத்தால், அலுவலகத்தில் அவர் அடையாளம் காண எதுவும் இருக்காது.

இதையெல்லாம் வாயால் சொன்னால் நிற்காது. சதவீதம் என்பதைக் காதால் கேட்டுக் கணக்குப் போடுவது எனக்கே கடினம். உங்கள் ஊரில் காப்பிக் கொட்டைக்குப் பஞ்சமில்லை, இருபது கொட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அக்காவின் திட்டச் செலவு 5 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வறுக்கும் இயந்திரம், அரைக்கும் இயந்திரம், எடைத்தராசு, பொட்டலம் ஒட்டும் கருவி, மின் இணைப்பு வேலை எல்லாம் சேர்த்து 3,60,000 ரூபாய், கொட்டையும் மிளகும் வாங்கித் தொழிலைச் சுழற்றுவதற்கு 1,40,000 ரூபாய். முதலாவதை அறிவிப்பு 'மூலதனச் செலவு' என்றும் இரண்டாவதை 'நடைமுறை மூலதனம்' என்றும் சொல்லும். இடம் வாங்கும் விலையை இதில் சேர்க்க முடியாது. இருபது கொட்டையையும் முறத்தில் வரிசையாக வைத்தால் ஒரு கொட்டை 25,000 ரூபாய்.

அதிலிருந்து ஒரு கொட்டையை எடுத்து அக்காவின் கையில் கொடுங்கள். அதுதான் 5 சதவீதம், அவர் போட வேண்டிய 25,000 ரூபாய். முறத்தில் மீதி இருக்கும் பத்தொன்பதும் வங்கி தரும் கடன், அதாவது 4,75,000 ரூபாய். இங்கே பலருக்கு முதல் வியப்பு வரும். மானியம் 35 சதவீதம் என்றால் வங்கி 60 சதவீதம்தானே தர வேண்டும் என்று கேட்பார்கள். கேட்டால் நல்லது, புரிந்துகொண்டு வருகிறார்கள் என்று பொருள். இல்லை, வங்கி முதலில் பத்தொன்பதையும் கடனாகவே தருகிறது. பிறகு அரசிடமிருந்து ஏழு கொட்டைக்கான பணம், அதாவது 1,75,000 ரூபாய், வங்கிக்கு வருகிறது. பத்தொன்பதில் ஏழைத் தனியே நகர்த்தி அதன்மேல் ஒரு டம்ளரைக் கவிழ்த்து வையுங்கள். டம்ளர்தான் பூட்டு. டம்ளருக்கு வெளியே பன்னிரண்டு கொட்டை இருக்கின்றன. அவைதான் அக்கா வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டிய 3,00,000 ரூபாய். மூன்று ஆண்டு கழித்து டம்ளரைத் தூக்கினால் அந்த ஏழும் அக்காவின் மடியில் விழாது, கடன் கணக்கில் கழிந்து காணாமல் போகும். டம்ளரைத் தூக்கும்போது ஏழையும் எடுத்து உங்கள் பையில் போட்டுக்கொள்ளுங்கள், அவர் கையில் கொடுக்காதீர்கள். நான் ஒருமுறை கொடுத்துவிட்டு, விளக்கம் முழுவதையும் திரும்பத் தொடங்க வேண்டியதாயிற்று.

டம்ளர் வைத்த பிறகு கெட்ட செய்தியையும் சொல்ல வேண்டும். மூன்று ஆண்டுக்குள் தொழில் நின்றுபோனால், அந்த ஏழு கொட்டையும் தம் பெயரில் கழியும் என்று அவர் நம்பியிருக்க முடியாது. தவணையைக் கட்டத் தவறினால் வட்டி ஏறும். மானியம் பாதியை மூடிவிடும் என்று எண்ணித் தேவைக்கு மேல் பெரிய இயந்திரத்தைத் திட்டத்தில் எழுதுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். அறிவிப்பில் இது 'உட்பட்டு' என்ற ஒரே சொல்லுக்குள் சுருண்டு கிடக்கிறது. இத்தகைய நடையில் 'உட்பட்டு', 'தவிர', 'எனில்', 'மிகாமல்' ஆகிய சொற்களைக் கண்டால் பென்சிலால் வட்டம் போடுங்கள். பெரும்பாலும் பணம் அந்தச் சொற்களில்தான் ஒளிந்திருக்கும்.

அடுத்து வழங்கப்படும், பரிசீலிக்கப்படும், அனுப்பப்படும் என்ற வினைகள். ஒவ்வொன்றுக்கும் ஆள் தேடுங்கள். விண்ணப்பத்தைப் போடுகிறவர் அக்கா, kviconline.gov.in என்ற தளத்தில். அதைப் பார்த்து வங்கிக்கு அனுப்புகிறவர், விண்ணப்பத்தில் நாம் தேர்ந்தெடுக்கும் நிறுவனம். மாவட்டத் தொழில் மையமோ கதர் கிராமத் தொழில்கள் ஆணையமோ கதர் வாரியமோ அதுவாக இருக்கலாம். கடன் தரலாமா வேண்டாமா என்று முடிவு செய்கிறவர் வங்கி மேலாளர். மானியத்தை அனுப்புகிறவர் அரசு, வாங்கிப் பூட்டுகிறவர் வங்கி. 'வழங்கப்படும்' என்ற ஒரே வினை இத்தனை பேரையும் மறைத்துவிடுவதால், தொழில் மையம் விண்ணப்பத்தை அனுப்பிவிட்டது என்று குறுஞ்செய்தி வந்தவுடன் கடன் கிடைத்துவிட்டது என்று இனிப்பு வாங்கிக் கொடுப்பவர்கள் உண்டு. அந்த இடத்தில் வேலையில் பாதிதான் முடிந்திருக்கிறது. வங்கி மறுக்கவும் செய்யலாம் என்பதை அக்காவின் தாளில் தனி வரியாக எழுதுங்கள். நீங்கள் எவ்வளவு தெளிவாக விளக்கினாலும் அந்த முடிவை உங்கள் விளக்கம் மாற்றாது.

10 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்குப் 'பிணையப் பாதுகாப்பு தேவையில்லை' என்று ஒரு வரி இருக்கும். வீட்டுப் பத்திரத்தையோ நகையையோ அடகு வைக்க வேண்டியதில்லை என்பதே இதன் பொருள். தவணை கட்ட வேண்டியதில்லை என்று இதற்குப் பொருள் கிடையாது. 'ஈடு' என்றால் அக்காவுக்கு உடனே விளங்கும்.

புரிந்ததா என்று மட்டும் கேட்காதீர்கள். நம் ஊரில் அந்தக் கேள்விக்கு "புரிஞ்சுதுங்க" என்பதைத் தவிர வேறு பதில் கிடையாது, அது மரியாதைக்குச் சொல்வது. அதற்குப் பதிலாக, "உங்கள் வீட்டுக்காரர் ராத்திரி கேட்டால் என்ன சொல்வீர்கள்?" என்று கேளுங்கள். சரியாகப் புரிந்தவர், "இருபத்தஞ்சாயிரம் நாம போடணும், மூணு லட்சம் வட்டியோட கட்டணும், ஒண்ணே முக்கால் லட்சம் பேங்க்லயே இருக்கும், மூணு வருசம் ஓட்டுனா கழிஞ்சிரும்" என்பதற்கு நெருக்கமாகச் சொல்வார். "ஒண்ணே முக்கால் லட்சம் தருவாங்க" என்று சொன்னால் டம்ளரை மறுபடி எடுங்கள். 'தருவாங்க' என்ற அந்த ஒரு வினையில்தான் தவறு இருக்கிறது, எண் எல்லாம் சரியாகவே இருக்கும். எண்ணைச் சரியாகச் சொல்கிறார்களே என்று நிறைவடைந்துவிடுகிறவர்கள் இந்தத் தவறைப் பிடிப்பதில்லை.

சில இடங்களில் தமிழ் வாசகத்தை எத்தனை முறை படித்தாலும் இரண்டு பொருள் வரும். அப்போது உங்களுக்குப் பொருத்தமாகத் தோன்றும் பொருளை எழுதிவிடாதீர்கள். அதே பத்தியின் ஆங்கில மூலத்தைத் தளத்தில் எடுத்து, ஆங்கிலம் தெரிந்த ஒருவரைக் கொண்டு பார்க்கச் சொல்லுங்கள். 'மற்றும்' என்று இங்கே இருப்பது அங்கே 'அல்லது' ஆக இருக்கலாம், 'வேண்டும்' என்று இருப்பது அங்கே 'கேட்கலாம்' என்ற அளவில் நிற்கலாம். அதற்கும் தெளியாவிட்டால் தாளில் அந்த வரிக்கு எதிரே கேள்விக்குறி போட்டு, அக்கா கீழே போகும்போது கேட்க வேண்டிய கேள்வியாகவே எழுதிவிடுங்கள். விதிகளும் தொகைகளும் மாறக்கூடியவை என்பதால், நான் மேலே கொடுத்த 5, 35, மூன்று ஆண்டு ஆகியவற்றையும் உங்கள் கையில் இருக்கும் அறிவிப்போடு ஒப்பிட்ட பிறகே தாளில் ஏற்றுங்கள்.

கடைசியாக அந்தத் தாள். ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. மேல் பாதியில் நான்கு கேள்வியும் விடையும், அக்கா திருப்பிச் சொன்ன சொற்களிலேயே. நீங்கள் சொன்ன சொற்களைவிட அவை அவருக்கு நன்றாக நினைவிருக்கும். கீழ்ப் பாதியில் எடுத்துப் போக வேண்டியவை: ஆதார், புகைப்படம், சாதிச் சான்று தேவைப்பட்டால் அது, ஊரகப் பகுதிச் சான்று, திட்ட அறிக்கை, இயந்திரத்துக்கான விலைப்புள்ளி. 'விலைப்புள்ளி' என்பதையும் கடைக்காரரிடம் 'கொட்டேஷன்' என்றே கேட்கச் சொல்லுங்கள். மலைமேல் இருந்து இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலம் போய்த் திரும்ப ஒரு நாள் கூலி போகிறது, விட்டுப்போன ஒரு காகிதத்துக்காக அது இன்னொரு முறை போகக் கூடாது.

தாளின் அடியில் ஒரு வெற்றுக் கோடு விட்டு, 'மானியம் வங்கியில் போடப்பட்ட தேதி' என்று எழுதி வையுங்கள். கடன் கிடைத்துச் சில மாதத்தில் அக்கா வங்கியில் கேட்டு அந்தத் தேதியை நிரப்பிக்கொள்ளட்டும். மூன்று ஆண்டு அந்த நாளிலிருந்துதான் எண்ணப்படும். அதற்குள் அறிவிப்பு எங்கே போயிருக்கும் என்று சொல்ல முடியாது, ஆகவே தாளைக் கடன் பாஸ்புத்தகத்தின் உள்ளட்டையில் ஒட்டிவிடுங்கள்.